கிழிக்க முடியாத சீட்டு

லைட்னிங் வாலட்டைத் தன் போனிலேயே நடத்துகிறவர் செய்யக்கூடாத காரியம் ஒன்று உண்டு. போன வாரம் நகலெடுத்து வைத்த கணக்குக் கோப்பைப் புதுப் போனில் ஏற்றி, அப்படியே இயக்கக்கூடாது. வேறு எந்தச் செயலியிலும் பேக்கப் எடுத்து வைத்தவரைக் கெட்டிக்காரர் என்போம். இங்கே அந்தப் பழைய கோப்பே அவர் பணம் முழுவதையும் எதிராளியின் கையில் கொடுத்துவிடக்கூடும். நடுவில் திருடன் யாரும் வரவேண்டியதில்லை. ஏன் இப்படி என்று பார்த்தால் பேமென்ட் சேனலின் சூட்சுமமே பிடிபட்டுவிடும்.

பிட்காயினில் கட்டணம் அனுப்பும் தொகையைப் பொறுத்து அமைவதில்லை. அந்தப் பரிமாற்றம் பிளாக்கில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதைப் பொறுத்தது. வீடு விற்ற பணத்தை அனுப்பினாலும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கொடுத்தாலும் ஏறக்குறைய ஒரே கட்டணம்தான். பிளாக் வருவதோ சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. உலகம் முழுவதற்கும் சேர்த்து நொடிக்கு ஏழு பரிமாற்றம் போல்தான் அதில் கொள்ளும். சில்லறை வியாபாரத்துக்கு இது சரிப்படாது. 2015-ல் ஜோசப் பூனும் தாடியஸ் டிரைஜாவும் முன்வைத்த லைட்னிங் திட்டம் இதற்கு ஒரு வழி சொன்னது: இருவருக்கிடையே ஒரு சேனல், அதைத் திறக்கும்போது ஒரு பரிமாற்றம், மூடும்போது ஒரு பரிமாற்றம், இவை மட்டும் செயினில் பதிவாகட்டும், நடுவில் நடப்பதெல்லாம் அந்த இருவருக்குள் இருக்கட்டும்.

2019 முதல் பிட்காயினைப் புழங்கிப் பார்த்த இடம், எல் சால்வடோரின் எல் சோன்டே கடற்கரைக் கிராமம். அங்கே ரோசா என்று ஒரு பெண், தினமும் ஒரே கடையில் புப்பூசா (சோள மாவில் தட்டிய அவர்கள் ஊர் அடை) வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் மிகேல். ஒரு பிட்காயினின் பத்துக் கோடியில் ஒரு பங்குக்கு சடோஷி என்று பெயர். ரோசா 1,00,000 சடோஷியை இருவர் கையொப்பமும் சேர்ந்தால் மட்டுமே திறக்கும் ஒரு கூட்டுப் பெட்டியில் போடுகிறாள். இந்தப் பரிமாற்றம் செயினில் பதிவாகிறது. செயின் கட்டணங்களை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

பெட்டியில் போடுவதற்கு முன்பே ரோசா ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்: “பணம் முழுவதும் ரோசாவுக்கே” என்று எழுதி மிகேல் கையொப்பமிட்ட சீட்டு. இல்லாவிட்டால் மிகேல் காணாமல் போன அன்று அவள் பணமும் பெட்டிக்குள் மாட்டிக்கொள்ளும். இந்தச் சீட்டு உண்மையில் ஒரு முழுமையான பிட்காயின் பரிமாற்றம். செயினுக்கு அனுப்பாமல் கையில் வைத்திருப்பது மட்டுமே வேறுபாடு. தன் கையொப்பத்தையும் சேர்த்து அவள் எப்போது வேண்டுமானாலும் அதை வெளியிடலாம்.

முதல் புப்பூசா 2,000 சடோஷி. உடனே புதுச் சீட்டு எழுதப்படுகிறது: ரோசாவுக்கு 98,000, மிகேலுக்கு 2,000. அடுத்த நாள் 96,000, 4,000. முப்பது நாள் கழித்து 40,000, 60,000. செயினுக்கு இவை எதுவும் தெரியாது. மாதக் கடைசியில் பற்று நோட்டைக் கிழித்துக் கணக்குத் தீர்ப்பது போல்தான் இருக்கிறது, இல்லையா?

இந்த ஒப்புமை உடையும் இடம்தான் எனக்குப் பிடித்த இடம். நோட்டுத் தாளைக் கிழித்துப் போடலாம். கணினிக் கோப்பைக் கிழிக்க முடியாது. “அழித்துவிட்டேன்” என்று ரோசா சொன்னால் மிகேல் எதை வைத்து நம்புவது? “ரோசாவுக்கு 98,000” என்ற சீட்டில் மிகேலின் கையொப்பம் அப்படியே இருக்கிறது. புப்பூசாக்களைத் தின்று முடித்த பிறகு அவள் அதை வெளியிட்டால், செயினைப் பொறுத்தவரை அதுவும் செல்லுபடியாகும் பரிமாற்றமே.

அழிக்க முடியாத சீட்டை ஆபத்தானதாக மாற்றிவிடுவதுதான் லைட்னிங் செய்யும் தந்திரம். ரோசா கையிலுள்ள ஒவ்வொரு சீட்டிலும் ஒரு நிபந்தனை எழுதப்பட்டிருக்கிறது. அதை அவள் வெளியிட்டால் மிகேலின் பங்கு தாமதமின்றி அவருக்குப் போகும். அவள் பங்கு மட்டும் காத்திருக்கும். பொதுவாக 144 பிளாக், அதாவது ஏறக்குறைய ஒரு நாள். அந்தக் காத்திருப்புக்குள், அந்தச் சீட்டுக்குரிய ரகசிய எண் மிகேலிடம் இருந்தால், ரோசாவின் பங்கையும் அவரே எடுத்துக்கொள்ளலாம். அந்த எண் முதலில் ரோசாவுக்கு மட்டுமே தெரியும். புதுச் சீட்டில் மிகேலின் கையொப்பம் கிடைத்த பிறகு, பழைய சீட்டின் ரகசிய எண்ணை அவள் அவரிடம் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் புப்பூசாவுக்குக் காசு வந்ததாக அவருடைய மென்பொருள் ஒப்புக்கொள்ளாது. மிகேல் கையிலுள்ள சீட்டுகளிலும் இதே ஏற்பாடு, திசை மட்டும் மாறி.

இப்போது ரோசா ஆசைப்பட்டு அந்த 98,000 சீட்டை வெளியிடட்டும். மிகேலுக்கு 2,000 உடனே வருகிறது. பழைய ரகசிய எண் அவரிடம் இருப்பதால் மீதி 98,000-மும் அவருக்கே. கூடுதலாக 58,000 பிடுங்கப் பார்த்தவள், நியாயமாகத் தனக்குச் சேரவேண்டிய 40,000-ஐயும் சேர்த்து இழந்து நிற்கிறாள். அவள் பங்கு முழுவதும் தீர்ந்திருந்தால் இழக்க எதுவும் இல்லை, ஏமாற்றிப் பார்க்கலாமே என்று தோன்றும். அதற்காகத்தான் சேனலில் பொதுவாக ஒரு சதவீதத்தைச் செலவழிக்க விடுவதில்லை. இங்கே அது 1,000 சடோஷி.

மிகேல் பக்கத்திலும் ஒரு சுமை இருக்கிறது. அந்த ஒரு நாளுக்குள் அவர் செயினைப் பார்த்தாக வேண்டும். கடையை மூடி, போனை அணைத்துவிட்டு ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டால், காத்திருப்பு முடிந்து ரோசா பணத்தோடு போய்விடுவாள். ஆகவே வாட்ச்டவர் எனப்படும் காவல் கணினிகள் உண்டு. தண்டனைப் பரிமாற்றத்தை மறையாக்கம் செய்து அவற்றிடம் முன்கூட்டியே கொடுத்து வைக்கலாம். பழைய சீட்டு செயினில் தோன்றினால்தான் அந்தப் பூட்டு திறக்கும்; அதுவரை உள்ளே என்ன கணக்கு என்று காவல்காரருக்கே தெரியாது.

இருவரும் இணங்கி மூடினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. 40,000, 60,000 என்று ஒரே பரிமாற்றம், காத்திருப்பும் கிடையாது. ஆனால் செயின் கட்டணம் எகிறிய நாளில் மூட நேர்ந்தால், சின்ன சேனலில் மிஞ்சியதைக் கட்டணமே விழுங்கிவிடும். கடைக்குக் கடை சேனல் திறப்பதும் இதனால் கட்டுப்படியாகாது. நிறையத் தொடர்புள்ள ஒரு நோடுடன் ஒரு சேனல் வைத்துக்கொண்டு, அதன் வழியாக மற்றவர்களுக்கு அனுப்புவதே வழக்கம். இன்னும் பலர் பயன்படுத்தும் செயலிகளில் சேனல் நிறுவனத்துடையது; வாடிக்கையாளரிடம் இருப்பது அந்த நிறுவனத்தின் ஏட்டில் ஒரு வரி மட்டுமே.

பழைய கோப்பின் ஆபத்து இப்போது விளங்கியிருக்கும். போன வாரக் கோப்பில் இருப்பது போன வாரச் சீட்டு. வாலட்டுக்கு அதுதான் கடைசிச் சீட்டு என்று தோன்றும்; சேனலை மூடச் சொன்னால் அதையே வெளியிடும். மறதியா மோசடியா என்று செயின் விசாரிப்பதில்லை. இதனால் நல்ல வாலட்கள் பேக்கப்பில் இருப்புத் தொகையையே வைப்பதில்லை. யாருடன், எந்தப் பெட்டியில் சேனல் என்ற விவரம் மட்டும் இருக்கும். மீட்டெடுத்த வாலட் எதிராளியைத் தொடர்புகொண்டு, “என்னிடம் கணக்கு இல்லை, உங்கள் சீட்டைக் கொண்டு மூடுங்கள்” என்று கேட்கும். எதிராளியும் பழைய சீட்டை நீட்டலாம்தான். ஆனால் கணக்கு தொலைந்தது உண்மையா என்று அவருக்கு உறுதியாகத் தெரியாது. தோற்றால் அவர் பங்கு முழுவதும் போகும்.

தண்டனையே இல்லாமல், புதுச் சீட்டு வந்தால் பழையதை அது தள்ளிவிடும்படி ஒரு மாற்று ஏற்பாட்டை 2018-ல் மூவர் எழுதினார்கள். எல்டூ என்று பெயர். அதற்கு பிட்காயினின் விதிகளிலேயே ஒரு மாற்றம் தேவை.