பின்னணியை மாற்றுங்கள், போஸ்டர் உங்கள் பள்ளியுடையதாகும்

கேன்வாவில் பள்ளி விழா போஸ்டருக்கென்று தேடினால் டெம்ப்ளேட்டுகள் வரிசையாக வந்து நிற்கும். அவற்றில் பெரும்பாலானவை நீல வானம், மஞ்சள் பேருந்து, கரும்பலகை, பென்சில் என்று எங்கோ ஒரு பள்ளியைக் காட்டுபவை. நமக்கு வேண்டியதோ பொங்கல் விழாவுக்கான போஸ்டர். எழுத்துகள் அமைந்திருக்கும் விதம் பிடித்திருக்கிறது, பின்னணியை மட்டும் மாற்றினால் போதும் என்று ஆசிரியர் ஒருவர் உட்காருகிறார். பின்னணியைத் தொட்டு இழுத்தால் மேகம் மட்டும் தனியே நகர்கிறது. அழித்தால் அடியில் இன்னொரு நீலம் இருக்கிறது. புதிய படத்தைப் போட்டால் அது எழுத்துகளின் மேல் ஏறி எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், நம் கண்ணுக்கு ஒரே பின்னணியாகத் தெரிவதைக் கேன்வா மூன்று வெவ்வேறு விதங்களில் வைத்திருக்கக்கூடும் என்பதுதான். எந்த விதம் என்று கண்டுகொண்டால் மீதி வேலை எளிது. பள்ளிப் பொங்கல் விழாவுக்கான ஒரு ஏ3 போஸ்டரைச் செய்தபடியே இதைப் பார்க்கலாம்.

அளவும் ஒரு நகலும்

கேன்வாவின் முகப்பில் Create a design என்பதை அழுத்தி, Custom size என்பதில் அகலம் 29.7, உயரம் 42 என்று கொடுத்து, அலகாக cm என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதுதான் ஏ3 தாளின் அளவு. கலர் பிரின்ட் எடுக்கும் கடைகளில் எளிதாகக் கிடைப்பதும் இதுதான். அளவை இப்போதே சரியாக வைப்பது முக்கியம். முடித்த வடிவமைப்பை ஒரே அழுத்தலில் வேறு அளவுக்கு மாற்றும் Resize வசதி இலவசக் கணக்கில் இல்லை.

இடப்பக்கம் உள்ள Design பகுதியில் school event poster என்று தேடி, பிடித்த டெம்ப்ளேட்டை அழுத்தினால் அது பக்கத்தில் வந்து அமரும். எதையும் தொடுவதற்கு முன் அந்தப் பக்கத்தை அப்படியே ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் மேலே இருக்கும் Duplicate page குறியை அழுத்தினால் போதும். மூலம் முதல் பக்கத்தில் பத்திரமாக இருக்க, வேலையெல்லாம் இரண்டாம் பக்கத்தில் நடக்கட்டும்.

மூன்றில் எது?

எழுத்தோ படமோ இல்லாத ஓர் இடத்தில் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

மேலே உள்ள பட்டையில் ஒரு வண்ணச் சதுரம் மட்டும் தோன்றினால், பின்னணி என்பது பக்கத்தின் நிறம். அந்தச் சதுரத்தை அழுத்தி வேறு நிறம் கொடுத்தால் முடிந்தது.

பக்கம் முழுவதையும் சுற்றி ஒரு கோடு வந்து, மூலைகளில் சிறு வட்டங்கள் இல்லாமல் இருந்தால், ஒரு படம் பக்கத்தோடு ஒட்டப்பட்டிருக்கிறது. வலது பொத்தானை அழுத்தினால் Detach image from background என்ற வரி தெரியும். இதுவே நிச்சயமான அடையாளம்.

மூலைகளில் சிறு வட்டங்களோடு ஒரு சட்டம் வந்தால், அது பின்னணியே அல்ல. பெரிதாக இழுத்து விரிக்கப்பட்ட ஒரு சாதாரணப் படம் அல்லது செவ்வகம். இப்படி இரண்டு மூன்று படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கக்கூடும். மேகம் தனியே நகர்ந்தது இதனால்தான். அழுத்தும்போது பூட்டுக் குறி தெரிந்தால், முதலில் அந்தப் பூட்டைத் திறக்க வேண்டும்.

சந்தேகம் தீரவில்லை என்றால் மேலே Position என்பதை அழுத்தி Layers பகுதிக்குப் போங்கள். பக்கத்தில் உள்ள ஒவ்வொன்றும் மேலிருந்து கீழாக அடுக்கடுக்காகத் தெரியும். அடியில் கிடக்கும் மேகம், புல்வெளி, பேருந்து ஆகியவற்றை அங்கேயே ஒவ்வொன்றாகத் தேர்ந்து Delete விசையால் நீக்கிவிடலாம். எழுத்துகள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

புதிய படம்

பின்னணிக்கு, சென்ற ஆண்டு பள்ளி மைதானத்தில் பொங்கல் பொங்கிய படம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். Uploads பகுதியில் அதை ஏற்றி, பக்கத்தில் வைத்து, அதன்மேல் வலது பொத்தானை அழுத்தி Set image as background என்பதைத் தேர்ந்தெடுங்கள். சில பதிப்புகளில் இதே வேலைக்கு Replace background என்று இருக்கும். படம் தானாக விரிந்து எல்லாவற்றுக்கும் அடியில் போய்விடும். பானை ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தால், படத்தின்மேல் இருமுறை அழுத்தி உள்ளுக்குள் நகர்த்திச் சரிசெய்யலாம்.

Elements பகுதியில் Graphics என்ற தலைப்பில் கிடைக்கும் வரைபடங்களுக்கு இந்த வாய்ப்பு பெரும்பாலும் வராது. அவற்றைப் பக்கம் முழுக்க இழுத்து விரித்து, Position வழியாக To back என்று அடியில் தள்ளி, பூட்டுக் குறியை அழுத்திப் பூட்டிவிடுங்கள். பிறகு மேலே உள்ளவற்றை நகர்த்தும்போது அது அசையாது.

புகைப்படம் என்றால் ஒரு கணக்கைப் பார்த்துவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் வழக்கமான தரத்தில் வந்த படம் பெரும்பாலும் 1600க்கு 1200 பிக்சல் அளவுக்குச் சுருங்கியிருக்கும். அது படுக்கைவாக்கில் எடுத்ததாக இருந்தால், நெட்டுவாக்கான ஏ3 தாளை நிரப்ப அதன் 1200 பிக்சல் உயரம் 42 சென்டிமீட்டருக்கு நீள வேண்டும். அங்குலத்துக்குச் சுமார் 73 பிக்சல்தான் கிடைக்கும். அகலத்தில் ஏறக்குறைய பாதியும் வெட்டுப்பட்டுப் போகும். செல்போன் திரையில் பளிச்சென்று தெரிந்த படம் அச்சில் மங்கலாக வருவது இதனால்தான். அதே காட்சியை 12 மெகாபிக்சல் கேமராவில் நெட்டுவாக்கில் எடுத்த மூலப்படத்தில் உயரம் 4000 பிக்சல் இருக்கும். அங்குலத்துக்கு 240 பிக்சலுக்கு மேல் கிடைக்கும், அச்சு தெளிவாக வரும். எனவே படம் எடுத்தவரிடம் அதை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

எழுத்து தெரிய வேண்டும்

படம் மாறியதும் அடுத்த சிக்கல் தொடங்கும். பழைய நீலத்தின்மேல் எடுப்பாக இருந்த வெள்ளை எழுத்து, புகையும் வெயிலும் கூட்டமும் நிறைந்த புகைப்படத்தில் கரைந்துவிடும். எழுத்தைப் பெரிதாக்கினால் இது தீராது. எழுத்துக்கு அடியில் இருக்கும் இடம் அமைதியாக வேண்டும்.

அதற்கு இரண்டு வழிகள் உண்டு. பின்னணியைத் தேர்ந்து, மேலே சிறு கட்டங்கள் போட்ட Transparency குறியை அழுத்தி, 100ல் இருந்து 40 வரை குறைத்துப் பாருங்கள். பக்கத்தின் நிறம் வெள்ளையாக இருந்தால் படம் வெளிறும். கருப்பு அல்லது அடர்சிவப்பு எழுத்து அதன்மேல் நன்றாகத் தெரியும்.

படத்தின் உயிர்ப்பு குறையக் கூடாது என்றால் இரண்டாவது வழி. கணினியில் எதுவும் தேர்வாகாத நிலையில் R விசையை அழுத்தினால் ஒரு செவ்வகம் வரும். அதற்குச் சந்தன நிறம் கொடுத்து, Transparency அளவை 85 ஆக்கி, எழுத்துகளுக்குப் பின்னால் போகும்வரை Ctrl + [ அழுத்துங்கள். தலைப்பும் நாளும் நேரமும் இடமும் அந்தச் செவ்வகத்துக்குள் அடங்கட்டும். பானையும் பொங்கும் நுரையும் அதற்கு வெளியே முழு நிறத்தோடு இருக்கும்.

டெம்ப்ளேட்டின் ஆங்கில எழுத்துருக்கள் பலவற்றில் தமிழ் எழுத்துகள் இல்லை. தலைப்புக்கு Baloo Thambi, மற்ற வரிகளுக்கு Catamaran அல்லது Hind Madurai போன்ற தமிழ் உள்ள எழுத்துருக்களைத் தேர்ந்தால் விழா போஸ்டருக்குப் பொருந்தும். தமிழில் கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீள்வதால் வரிகளுக்கிடையே கூடுதல் இடைவெளி விடுங்கள். பிறகு திரையின் அளவை 25 சதவீதத்துக்குக் குறைத்துப் பாருங்கள். அந்தச் சிறிய வடிவிலும் விழாவின் பெயரும் நாளும் படிக்க முடிகிறதென்றால், போஸ்டரைத் தள்ளி நின்றும் படிக்கலாம்.

தோரணமும் கரும்பும்

அலங்காரம் இப்போதுதான் வர வேண்டும். பின்னணியும் எழுத்தும் நிலைபெறாமல் பூவும் கோலமும் போட்டால் எல்லாவற்றையும் மறுபடி நகர்த்த வேண்டிவரும்.

Elements பகுதியில் ஆங்கிலத்தில் தேடினால்தான் நிறையக் கிடைக்கும். மாவிலைத் தோரணத்துக்கு toran, கரும்புக்கு sugarcane, செண்டுமல்லி மாலைக்கு marigold garland, கோலத்துக்கு kolam அல்லது rangoli என்று தேடுங்கள். படத்தின் மூலையில் கிரீடக் குறி இருந்தால் அது கட்டணப் படம். இலவசக் கணக்கில் அதைப் பயன்படுத்தினால், பதிவிறக்கும்போது காசு கேட்கும். கிரீடம் இல்லாதவற்றிலேயே தேடினால் போதும்.

நம் போஸ்டருக்கு மூன்றே பொருள்கள் எடுப்போம். மேல் விளிம்பில் தோரணம். இடது ஓரத்தில் ஒரு கரும்பு. அதையே Ctrl + D அழுத்தி நகலெடுத்து, Flip வழியாகத் திருப்பி வலது ஓரத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும். கீழ் நடுவில் ஒரு கோலம். நடுப்பகுதி படத்துக்கும் எழுத்துக்கும் உரியது. அலங்காரம் ஓரங்களில் நின்றால்தான் அவை இரண்டும் மூச்சுவிடும்.

ஒரு படம் நீர்வண்ணத்திலும் இன்னொன்று தடித்த கார்ட்டூன் கோட்டிலும் இருந்தால் போஸ்டர் பல இடங்களில் கத்தரித்து ஒட்டியதுபோல் தெரியும். பிடித்த கரும்பின் மூன்று புள்ளிக் குறியை அழுத்தி See more like this என்பதைத் தேர்ந்தால், அதே பாணியிலான மற்ற படங்கள் வரும். ஒரு படத்தைத் தேர்ந்ததும் மேலே வண்ணச் சதுரங்கள் வந்தால் அதன் நிறங்களையும் மாற்றலாம். வண்ணப் பலகையில் பின்னணிப் புகைப்படத்தின் நிறங்களும் பட்டியலாக இருக்கும். அதிலிருந்தே மஞ்சளை எடுத்துத் தோரணத்துக்குக் கொடுத்தால் இரண்டும் ஒட்டிப்போகும்.

பள்ளிச் சின்னம் வெள்ளைப் பெட்டியோடு வந்து உறுத்துகிறதா? பெட்டியை நீக்கும் Background Remover கட்டணக் கணக்குக்கு உரியது. பள்ளி ஆசிரியர்கள் தங்கள் பணியை உறுதிசெய்து Canva for Education கணக்கைப் பெற்றால், இந்த வசதி இலவசமாகவே கிடைக்கும். அதற்கு நேரமில்லை என்றால் Elements பகுதியின் Frames தலைப்பில் ஒரு வட்டச் சட்டத்தை எடுத்து, சின்னத்தை அதற்குள் இழுத்துவிடுங்கள். மூலைகள் மறைந்து வட்ட முத்திரையாகிவிடும்.

அச்சுக்குப் போகும் முன்

பல பிரின்டர்கள் தாளின் ஓரம்வரை அச்சிடாமல் நாற்புறமும் சிறு வெள்ளை விளிம்பை விட்டுவிடும். அதனால் எழுத்து எதுவும் ஓரத்திலிருந்து ஒன்றரை சென்டிமீட்டருக்குள் வரக் கூடாது. தோரணமும் கரும்பும் மட்டும் விளிம்பைத் தாண்டி வெளியே நீளட்டும். சற்று வெட்டுப்பட்டாலும் அவற்றுக்குக் குறையில்லை.

Share, Download என்று போய் PDF Print என்பதைத் தேர்ந்தெடுங்கள். கடைக் கணினியில் தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரிந்தால், அதே இடத்தில் உள்ள Flatten PDF கட்டத்தில் குறியிட்டு மறுபடி பதிவிறக்குங்கள். எழுத்துகள் படமாக மாறிவிடுவதால் சிதையாது. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு PNG கோப்பு போதும்.

திரையில் ஒளிரும் பச்சையும் அடர்நீலமும் மையில் சற்று மங்கித்தான் வரும். ஆகவே இருபது பிரதிகளை ஒன்றாக அடிக்கச் சொல்வதற்கு முன், ஏ4 தாளில் ஒரே ஒரு பிரதி எடுத்துச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். எழுத்து தெளியாவிட்டால் செவ்வகத்தின் அளவை 85லிருந்து 95 ஆக்குங்கள். படம் இருண்டிருந்தால் அதைத் தேர்ந்து, Edit பகுதியில் Brightness அளவைக் கொஞ்சம் கூட்டுங்கள். அந்த ஒரு பிரதி சரியாக வந்த பிறகு, அதே கடையில் அதே பிரின்டரில் மீதியை ஏ3ல் அடிக்கலாம்.