நெத்திலி கருவாடு வந்தாச்சு... யாருக்கெல்லாம் சொல்லணும்?

"அக்கா, நெத்திலி வந்துச்சா?"

கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில், வீட்டிலிருந்தே வாட்ஸ்அப் மூலம் கருவாடு விற்பவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கருவாடு எப்போதும் கையில் இருக்கும் சரக்கும் அல்ல. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடை. ஐப்பசி, கார்த்திகை மழையிலோ மீன் கிடைத்தாலும் காய வைக்க வெயில் கிடைக்காது. தீர்ந்துபோன சரக்கு திரும்ப வர வாரக்கணக்கில் ஆகலாம்.

வந்ததும் பலரும் செய்வது ஒன்றுதான். போனில் இருக்கும் 200 பேருக்கும் 'ஸ்டாக் வந்துவிட்டது' என்று பிராட்காஸ்ட். மாலையில் இன்னொன்று. மறுநாள் 'கொஞ்சமே இருக்கு' என்று மூன்றாவது. கருவாடே சாப்பிடாதவருக்கும் மூன்று முறை போய்ச் சேரும். எரிச்சலில் சிலர் பிளாக் செய்வார்கள். பிளாக்கும் புகாரும் கூடினால், வாட்ஸ்அப் அந்தக் கணக்குக்கே கட்டுப்பாடு போடலாம்.

பிராட்காஸ்ட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேவ் செய்தவர்களுக்கு மட்டுமே அது போகும். ஆசையாகக் கேட்டவர் சேவ் செய்யவில்லை என்றால் அவருக்குத் தெரியவே தெரியாது. அனுப்பிய செய்தியின் விவரத்தைத் திறந்து பார்த்தால், சேர்ந்தவர் பட்டியலில் அவர் பெயர் இருக்காது.

இதற்கு எளிய வழி, சரக்கு தீர்ந்த நாளிலேயே காத்திருப்போர் பட்டியலைத் தொடங்குவது. யாராவது கேட்டால், "இப்ப இல்லம்மா, வந்ததும் ஒரே ஒரு தடவை சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். சரி என்றால் பெயர், பொருள், எவ்வளவு வேண்டும், கேட்ட தேதி ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் வைத்திருப்பவர்கள் அந்த உரையாடலுக்கு 'நெத்திலி' என்று லேபிள் போட்டால் தேடுவது சுலபம். ஆனால் யார் முதலில் கேட்டார் என்பதற்கு நோட்டுதான் சாட்சி.

அடுத்தது, எப்போது சொல்வது? மீன் வாங்கிய அன்று சொல்லக் கூடாது. மூன்று, நான்கு கிலோ பச்சை நெத்திலி காய்ந்தால்தான் ஒரு கிலோ கருவாடு தேறும். நடுவில் ஒரு மழை பெய்தால் நாளும் தள்ளும், அளவும் குறையும். பிறகு 'தாமதமாகும்' என்று ஒரு செய்தி, 'இப்போது வந்தது' என்று மறு செய்தி. எனவே நன்றாகக் காய்ந்து, எடை போட்டு, பாக்கெட் கட்டிய பிறகே போனை எடுக்க வேண்டும்.

ஒரு கணக்கு பார்ப்போம். கையில் இருப்பது 5 கிலோ, அதாவது 20 கால் கிலோ பாக்கெட். நோட்டில் 34 பெயர். எல்லோருக்கும் சொன்னால் பாதிப் பேருக்கு ஏமாற்றம்தான். மேலிருந்து எண்ணிக்கொண்டே வந்தால், சிலர் இரண்டு பாக்கெட் கேட்டிருப்பதால் 16 பேரிலேயே 20 பாக்கெட் முடிந்துவிடுகிறது. முதலில் அந்த 16 பேருக்கு மட்டும், தனித்தனியாக இப்படி அனுப்பலாம்:

"வணக்கம் அக்கா. நீங்க கேட்ட நெத்திலி கருவாடு வந்தாச்சு. உங்களுக்குக் கால் கிலோ எடுத்து வச்சிருக்கேன். நாளைக்குச் சாயங்காலம் 6 மணி வரைக்கும் வைக்கிறேன். வேணும்னா 'சரி', வேண்டாம்னா 'வேண்டாம்'னு போடுங்க."

மறுநாள் மாலைக்குள் 11 பேர் 14 பாக்கெட் வாங்குகிறார்கள். இரண்டு பேர் வேண்டாம் என்கிறார்கள். மூன்று பேர் பதிலே போடவில்லை. அவர்களுக்கு நினைவூட்டல் அனுப்பாமல், மீதமுள்ள 6 பாக்கெட்டுக்கு அடுத்த ஐந்து பேரிடம் கேட்கலாம். அதில் நான்கு பேர் 5 பாக்கெட் எடுத்தால், மிஞ்சுவது ஒன்று. அது வரிசையில் அடுத்தவருக்கு. இப்படி 22 செய்திகளில் விற்பனை முடிகிறது. ஒருவருக்கும் இரண்டாவது செய்தி போகவில்லை.

பட்டியல் முழுவதும் கேட்ட பிறகும் சரக்கு மிஞ்சினால், ஸ்டேட்டஸில் ஒரு படம் போதும். பார்க்க விரும்புபவர்கள் பார்ப்பார்கள். 24 மணி நேரத்தில் அதுவே மறைந்துவிடும்.

வாங்கியவர், வேண்டாம் என்றவர் பெயர்களை அன்றே அடித்துவிடுங்கள். பதில் தராதவருக்கு அடுத்த சரக்கின்போது ஒரு வாய்ப்பு. அப்போதும் மௌனம் என்றால் அந்தப் பெயரையும் நீக்கிவிடலாம்.

கடைசியில் சரக்கு கிடைக்காமல் நோட்டில் மிஞ்சும் பெயர்களுக்கும் ஒரு பயன் உண்டு. ஒவ்வொரு முறையும் பத்துப் பன்னிரண்டு பேர் மிஞ்சினால், அடுத்த ஏப்ரல் 15-க்கு முன்பு எத்தனை கிலோ கூடுதலாகக் காய வைக்கலாம் என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.