சாப்பிட உட்கார்ந்தால் தாடைக்கடியில் வீக்கமா?

ரசத்தை ஊற்றிப் பிசைந்து இரண்டு வாய் வைப்பதற்குள் தாடைக்கடியில் ஒரு பக்கம் மட்டும் புடைத்துக்கொள்கிறது. விண்ணென்று வலிக்கிறது. கை கழுவி ஒன்றிரண்டு மணி நேரம் போனால் வீக்கம் தானாக வடிந்துவிடுகிறது. அடுத்த வேளை சாப்பாட்டுக்கு மறுபடி வருகிறது. இப்படிச் சாப்பாட்டை ஒட்டியே வந்து போகும் வீக்கம் என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது உமிழ்நீர்ச் சுரப்பியில் கல்.

ஆனால் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது பொன்னுக்கு வீங்கி. இல்லையென்றால் நெறி கட்டியிருக்கிறது என்பார்கள், சொத்தைப் பல்லின் மீது பழியைப் போடுவார்கள். பொன்னுக்கு வீங்கி பெரும்பாலும் காதுக்கு முன்னும் கீழும் வீங்கும். காய்ச்சலோடு வந்து சில நாட்கள் அப்படியே இருக்கும். நெறிக்கட்டும் வேளை பார்த்து ஏறி இறங்காது. சாப்பாட்டு நேரத்தோடு உள்ள இந்தத் தொடர்பை நோயாளி வாய்விட்டுச் சொல்லிவிட்டால் பாதி நோயறிதல் அங்கேயே முடிந்துவிடும். மருத்துவமனைக்குப் போகிற நேரத்தில் வீக்கம் வடிந்திருக்கும் என்பதால், வீங்கியிருக்கும்போதே கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

உமிழ்நீர்ச் சுரப்பிகளில் வரும் கற்களில் 10இல் 8க்கு மேல் தாடைக்கடிச் சுரப்பியில்தான் வருகின்றன. அதன் அமைப்பே காரணம். அங்கே சுரக்கும் உமிழ்நீர் சற்றுக் கெட்டியானது, கால்சியம் கூடுதலாக உள்ளது. அது சுமார் 5 சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய குழாய் வழியாகக் கீழிருந்து மேல்நோக்கி ஏறி, நாக்குக்கு அடியில் ஊசிமுனை போன்ற துளையில் வந்து திறக்கிறது. ஓட்டம் மந்தமானால் உள்ளேயே படிந்து மெல்ல மெல்லக் கல்லாகிறது. சாப்பிடும்போதும், புளிப்பை நினைத்தாலே கூட, உமிழ்நீர் பெருகும். வழியைக் கல் அடைத்திருந்தால் அது சுரப்பியிலேயே தேங்கி வீங்கும். சிறுநீரகக் கல் உள்ளவருக்குத்தான் இது வரும் என்பதில்லை. பால், தயிரை நிறுத்தினால் இது குறையவும் குறையாது.

ஒரு பேருந்து நடத்துநரை எடுத்துக்கொள்வோம். வயது 42. வழியில் கழிப்பறைக்கு ஒதுங்க முடியாது என்று பகல் முழுக்கத் தண்ணீரைக் குறைத்தே குடிப்பார். தூசி அலர்ஜிக்காக அடிக்கடி செட்ரிசின் போடுவார். அது வாயை உலர வைக்கும். வலது தாடைக்கடியில் வீக்கம் வர, மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடுகிறார். குறைந்த மாதிரி இருந்து மறுபடி வருகிறது. வரத்தான் செய்யும், ஆன்டிபயாடிக் கிருமியைத்தான் அடக்கும், கல்லைக் கரைக்காது. கல்லைக் கரைக்கும் மாத்திரை என்று நிரூபிக்கப்பட்ட எதுவும் இல்லை.

கடைசியில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகிறார். அவர் கையுறை மாட்டிய ஒரு விரலை நாக்குக்கு அடியில் வைத்து, மறு கையால் தாடைக்கடியை மேல்நோக்கி அழுத்தி, பின்னாலிருந்து முன்னாகத் தடவிப் பார்க்கிறார். குழாயின் வாய்க்கு அருகில் மிளகளவில் கெட்டியாக ஒன்று விரலில் தட்டுப்படுகிறது. சுரப்பியை அழுத்தினால் இடது துளையில் தெளிந்த நீர் வருகிறது, வலதில் சொட்டும் இல்லை. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் 6 மில்லிமீட்டர் கல் தெரிகிறது. ஸ்கேனில் 2 மில்லிமீட்டருக்குக் குறைந்த கல் தப்பிவிடலாம். சில கற்கள் எக்ஸ்ரேயிலும் விழாது. ஆகவே எக்ஸ்ரே சுத்தமாக இருந்து, சாப்பிடும்போதெல்லாம் வீக்கம் தொடர்ந்தால், ‘கல் இல்லை’ என்று அதோடு விட்டுவிடக் கூடாது. சி.டி. ஸ்கேன் தேவைப்படலாம்.

கல் சின்னதாக இருந்தால் தானாகவே வெளிவர வாய்ப்பு உண்டு. நிறையத் தண்ணீர் குடிப்பது, வெந்நீர் ஒத்தடம், எலுமிச்சை மிட்டாயை வாயில் அடக்கிக்கொள்வது, தாடைக்கடியில் பின்னிருந்து முன்னாக நீவிவிடுவது ஆகியவைதான் அதற்கான சிகிச்சை. சீழ், காய்ச்சல், கடும் வலி இருக்கும்போது புளிப்பும் வேண்டாம், நீவுவதும் வேண்டாம்; முதலில் தொற்று அடங்க வேண்டும். ஊசியாலோ பல்குச்சியாலோ துளையைக் குத்திக் கல்லை எடுக்கப் பார்த்தால், குழாய் புண்ணாகித் தழும்பு கட்டி நிரந்தரமாகவே அடைத்துக்கொள்ளும்.

நடத்துநருக்குக் கல் முன்னால் இருந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, கல் பின்னால் நழுவிவிடாதபடி அதற்குப் பின்புறம் ஒரு தையலால் குழாயைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள்ளேயே கீறிக் கல்லை எடுத்தார்கள். அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். கழுத்தில் தழும்பு கிடையாது. கல் நடுக்குழாயில், ஏறக்குறைய 4 மில்லிமீட்டருக்குள், நகரும்படி இருந்தால், துளை வழியாகவே மெல்லிய எண்டோஸ்கோப்பை விட்டுச் சிறு கூடையால் பிடித்து இழுத்துவிடலாம். பெரிய கல்லை லேசரால் உடைத்தும், எண்டோஸ்கோப்போடு வாய்க்குள் கீறியும் எடுக்கிறார்கள். இந்தக் கருவி எல்லா ஊரிலும் இல்லை என்பதுதான் சிக்கல்.

அதனால்தான் இன்றும் பல இடங்களில் சுரப்பியையே எடுத்துவிடலாம் என்கிறார்கள். சில நேரம் அதுதான் சரி: கல் சுரப்பிக்குள்ளேயே ஆழப் பதிந்திருக்கலாம், மற்ற முறைகள் தோற்றிருக்கலாம், அடிக்கடி சீழ் பிடித்துச் சுரப்பி சுருங்கிப்போயிருக்கலாம். ஆனால் இது மயக்க மருந்து கொடுத்துக் கழுத்தில் வெட்டிச் செய்யும் அறுவை. கீழுதட்டை அசைக்கும் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது. அது அடிபட்டால் வாய் ஒரு பக்கம் கோணும். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகும், சிலருக்கு நிலைத்தும் விடும். நாக்கின் உணர்வு நரம்பும் அருகில்தான். வாய்க்குள் பின்பக்கமாகக் கீறும்போதும் இதே நரம்புக்கு ஆபத்து உண்டு. கல்லை எடுத்த பிறகு பல சுரப்பிகள் மீண்டும் நன்றாகவே வேலை செய்கின்றன என்பதால், முதல் சந்திப்பிலேயே சுரப்பியை எடுக்கச் சொன்னால் நான் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கச் சொல்வேன்.

கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: கல் எங்கே இருக்கிறது, எத்தனை மில்லிமீட்டர், சுரப்பியைக் காப்பாற்றும் வழி உண்டா, இங்கே இல்லையென்றால் எங்கே உண்டு, எந்த நரம்புக்கு ஆபத்து? படிவத்தில் ‘கல் அகற்றல்’ என்று இருக்கிறதா, ‘சுரப்பி அகற்றல்’ என்றா என்றும் பாருங்கள். ஒரு சிகிச்சைக்குத் தந்த சம்மதத்தை வைத்து, உயிர் காக்கும் அவசரம் இல்லாதபோது வேறொன்றைச் செய்யக் கூடாது என்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்திருக்கிறது. சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி. கட்டணம் செலுத்திப் பெற்ற சிகிச்சையில் அலட்சியம் நடந்திருந்தால், 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். மருத்துவரின் நடத்தை பற்றி மாநில மருத்துவக் கவுன்சிலிலும் முறையிடலாம். உதடு கோணியது என்பதே அலட்சியம் ஆகிவிடாது. ஆபத்தை முன்கூட்டிச் சொன்னார்களா, கவனமாகச் செய்தார்களா என்றுதான் பார்ப்பார்கள்.

சாப்பாட்டோடு சம்பந்தமே இல்லாமல் நிரந்தரமாக இருந்து, வாரக்கணக்கில் வளர்கிற கட்டி வேறு கதை. அதில் வலி இல்லை என்பது நல்ல அறிகுறி ஆகாது. அதைக் கல் என்று நினைத்து நீவிக்கொண்டிருக்காமல் புற்றுநோய், காசநோய் இரண்டுக்கும் சோதித்துவிட வேண்டும்.

கல்லால் வந்த தொற்று சில நேரம் வாயின் அடிப்பகுதி முழுவதும் பரவி மூச்சுக்குழலை நெருக்கும். காய்ச்சலோடு நாக்கு மேலே தூக்கிக்கொண்டாலோ, எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தாலோ, வாய் திறக்க முடியாவிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள்.