மாந்தோப்பின் ஐந்து வருஷம், இன்றைய விலையில்

கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களிடம் வியாபாரி வந்து பேசும் பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான். “அக்கா, அஞ்சு வருஷக் குத்தகையா விட்டுடுங்க. நாலே முக்கால் லட்சம், ஒரே தடவையா கையில தர்றேன். மருந்து, காவல், பறிப்பு எல்லாம் என் பாடு.” அறுவடை முடிந்த ஆடி மாதத்தில் இந்தப் பேச்சு வந்தால், அடுத்த காய் விற்றுக் காசு வர ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். தோப்புக்காரர் தானே பார்த்துக்கொண்டால் ஐந்து வருஷத்தில் என்ன மிஞ்சும் என்று கூட்டிப் பார்க்கிறார். ஆறு லட்சத்துக்கு மேல் வருகிறது. நாலே முக்கால் எங்கே, ஆறு எங்கே?

இந்த ஒப்பீட்டில் ஒரு கோளாறு இருக்கிறது. நாலே முக்கால் லட்சம் இன்றைய பணம். ஆறு லட்சமோ ஐந்து வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வரும் பணம், அதுவும் ஒரே சீராக வராது. மா அப்படிப்பட்ட மரம். நீலம் மாதிரி ரகங்கள் வருஷா வருஷம் ஓரளவு காய்க்கும். அல்போன்சா போன்றவை ஒரு வருஷம் அள்ளிக் கொடுத்துவிட்டு மறு வருஷம் ஓய்வெடுத்துக்கொள்ளும். கலப்பு ரகங்கள் உள்ள ஒரு தோப்பில், செலவெல்லாம் போக மிஞ்சுவது இப்படி இருக்கும் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம்:

முதல் வருஷம்: ரூ.1,80,000
இரண்டாம் வருஷம்: ரூ.60,000
மூன்றாம் வருஷம்: ரூ.2,00,000
நான்காம் வருஷம்: ரூ.40,000 கைநட்டம்
ஐந்தாம் வருஷம்: ரூ.2,10,000

நான்காம் வருஷம் காய்ப்பும் குறைவு, கவாத்தும் பண்ண வேண்டும், பழைய சொட்டுநீர்க் குழாய்களையும் மாற்ற வேண்டும். அதனால்தான் கையிலிருந்து போகிறது. நட்டத்தைக் கழித்துக் கூட்டினால் ரூ.6,10,000.

இனி ஒவ்வொரு வருஷத்துத் தொகையையும் இன்றைக்கு இழுத்து வர வேண்டும். கேள்வியை இப்படிக் கேட்டால் சுலபம்: அடுத்த வருஷம் ரூ.1,80,000 கையில் இருக்க, இன்று எவ்வளவு போட்டு வைக்க வேண்டும்? நம் பணம் வருஷத்துக்கு 12 சதவீதம் வளரும் என்றால், இன்றைய ஒரு ரூபாய் அடுத்த வருஷம் 1.12 ஆகும். எனவே 1,80,000-ஐ 1.12-ஆல் வகுக்கிறோம். ரூ.1,60,714 வருகிறது. இதுதான் அந்தத் தொகையின் இன்றைய மதிப்பு. வகுக்கப் பயன்படும் அந்த 12 சதவீதத்துக்குத் தள்ளுபடி விகிதம் என்று பெயர். கடைத் தள்ளுபடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காத்திருப்பதற்காகக் குறைத்துக்கொள்ளும் அளவு, அவ்வளவுதான்.

இரண்டாம் வருஷப் பணம் இரண்டு வருஷம் தள்ளி இருக்கிறது. அதை 1.12-ஆல் இரண்டு தடவை வகுக்க வேண்டும். மூன்றாம் வருஷத்ததை மூன்று தடவை. பொதுவாக எழுதினால்,

இன்றைய மதிப்பு = தொகை ÷ (1 + விகிதம்)^வருஷம்

தொகை எல்லா வருஷமும் ஒன்றாக இருந்தால் ஒரே பெருக்கலில் முடிக்கக் குறுக்குவழி உண்டு. வீட்டுக் கடன் தவணைக் கணக்கு அந்த வகை. இங்கே தொகை ஏறி இறங்குவதால் அது செல்லாது. ஒவ்வொரு வருஷத்தையும் தனித்தனியாக இன்றைக்குக் கொண்டுவந்து, பிறகுதான் கூட்ட வேண்டும்:

1,80,000 → 1,60,714
60,000 → 47,832
2,00,000 → 1,42,356
−40,000 → −25,421
2,10,000 → 1,19,160

கூட்டினால் ரூ.4,44,641. வியாபாரி சொன்ன நாலே முக்கால் லட்சம் இதைவிட ரூ.30,000 கூடுதல். ஆறு லட்சத்தைப் பார்த்து “நம்மை ஏய்க்கப் பார்க்கிறான்” என்று நினைத்தவருக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.

கடைசி வருஷத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஐந்திலும் பெரிய தொகை அதுதான். ஆனால் இன்றைய மதிப்பில் முதல் வருஷமும் மூன்றாம் வருஷமும் அதை முந்திவிடுகின்றன. ஆக, எவ்வளவு வருகிறது என்பதைப் போலவே எந்த வரிசையில் வருகிறது என்பதும் முக்கியம். இதே ஐந்து எண்களை 60,000, 1,80,000, நட்டம் 40,000, 2,00,000, 2,10,000 என்று மாற்றிப் போட்டால் மொத்தம் அதே 6,10,000தான். இன்றைய மதிப்போ ரூ.4,14,859-க்கு இறங்கிவிடுகிறது. முதல் இரண்டும், மூன்றாவதும் நான்காவதும் இடம் மாறியதற்கே ரூ.30,000 குறைவு.

இவ்வளவும் 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டதால் வந்த விடை. அந்த 12 எங்கிருந்து வந்தது? இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பாடப் புத்தகத்தில் ஒரு விகிதம் கொடுத்திருப்பார்கள், அதைப் போட்டு முடித்துவிடுவோம். நிஜத்தில் அந்த எண்ணை யாரும் கொடுப்பதில்லை, நாமேதான் தேர்ந்தெடுக்க வேண்டும். என் கருத்தில் இந்தக் கணக்கில் தொண்ணூறு சதவீத வேலை அதுதான். மீதி வகுத்தலும் கூட்டலும்.

தோப்புக்காரருக்குக் கடன் ஏதுமில்லை, வாங்கும் பணத்தை வங்கியில் வைப்பு போட்டு 7 சதவீத வட்டி வாங்குவார் என்றால், அவருக்கு உரிய விகிதம் 7. அதே வரவுகளை 1.07-ஆல் வகுத்துக் கூட்டினால் ரூ.5,03,101. இவர் வியாபாரியிடம் தோப்பை விடக் கூடாது, தானே பார்த்துக்கொள்வதே லாபம்.

பக்கத்துத் தோப்புக்காரர் நூற்றுக்கு ரெண்டு வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறார். மாதம் இரண்டு என்றால் வருஷத்துக்கு 24. கையில் வரும் ஒவ்வொரு ரூபாயும் அந்தக் கடனை அடைக்கத்தான் போகும். அடைத்தால் மிச்சமாவது 24 சதவீதம், ஆகவே அவருடைய விகிதம் 24. இதே தோப்பு, இதே காய்ப்பு என்றாலும் அவர் கணக்கில் ஐந்து வருஷ வரவு ரூ.3,43,794 மட்டுமே. நாலே முக்கால் லட்சம் கேட்டதும் அவர் கையெழுத்துப் போட்டால் விவரம் தெரியாமல் போட்டார் என்று சொல்ல முடியாது.

விகிதம் தோப்பைப் பொறுத்தது அல்ல, தோப்புக்காரரின் நிலைமையைப் பொறுத்தது. இந்தப் பணம் இன்று கிடைத்தால் வேறு எங்கே, எவ்வளவுக்குப் பயன்படும் என்பதே கேள்வி. நமக்கு உரிய விகிதம் இதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால், எந்த விகிதத்தில் முடிவு புரளுகிறது என்று தேடிப் பார்க்கலாம். 9 சதவீதத்தில் இன்றைய மதிப்பு ரூ.4,78,225. ஒன்பதரையில் ரூ.4,72,331. ஒன்பதேகாலைச் சற்றே தாண்டும்போது அது நாலே முக்கால் லட்சத்துக்குச் சமமாகிவிடுகிறது. இனி துல்லியமான விகிதம் தேவையில்லை. நம் பணம் வேறிடத்தில் ஒன்பதேகாலுக்கு மேல் ஈட்டுமா, ஈட்டாதா என்று மட்டும் சொல்லத் தெரிந்தால் போதும்.

உயர்ந்த விகிதம் போடும்போது கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வரவைச் சுருக்குவது போலவே அது வருங்காலச் செலவையும் சுருக்கிவிடும். நான்காம் வருஷ நட்டம் 7 சதவீதத்தில் ரூ.30,516 ஆகத் தெரிகிறது, 24-இல் ரூ.16,919 ஆகிவிடுகிறது. குழாய் விலை என்னவோ குறையப் போவதில்லை. மழை பொய்க்குமே, விலை சரியுமே என்ற பயத்துக்காக விகிதத்தை ஏற்றுகிறவர்கள் இதனால் செலவையும் சேர்த்துக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். அந்தப் பயத்தை வரவு எண்களிலேயே காட்டுவது நல்லது. முதல் வருஷத்துக்கு 1,80,000 என்பதற்குப் பதில் 1,50,000 என்று போட்டுப் பார்க்கலாம்.

கணினி விரிதாளில் செய்கிறவர்களுக்கு வேலை ஒரே வரியில் முடியும். B2 முதல் B6 வரை ஐந்து வருஷத் தொகைகளை எழுதிவிட்டு, வேறொரு கட்டத்தில்

```
=NPV(12%,B2:B6)
```

என்று போட்டால் 4,44,641 வந்துவிடும். செலவுக்கு முன்னால் கழித்தல் குறி போட மறக்கக் கூடாது. இந்த வாய்ப்பாடு முதல் கட்டத்தில் இருப்பதை ஒரு வருஷம் கழித்து வரும் பணம் என்றே எடுத்துக்கொள்ளும். இன்றே கைமாறும் தொகையை அந்த வரிசைக்குள் போட்டால் அதையும் சுருக்கிவிடும். ஆகவே இன்றைய பணத்தை வெளியே வைத்துத்தான் கூட்ட வேண்டும்.

இதைவிட நைசாக ஏமாற்றுவது காலிக் கட்டம். நான்காம் வருஷம் நட்டமில்லை, வரவும் செலவும் சரிக்குச் சரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுமில்லைதானே என்று அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டால், வாய்ப்பாடு அதைத் தாண்டிப் போய் ஐந்தாம் வருஷப் பணத்தை நான்காம் வருஷத்தது என்று நினைத்துக்கொள்ளும். விடை ரூ.4,84,361 வரும், தோப்பை விடாதே என்று சொல்லும். அங்கே 0 என்று எழுதியிருந்தால் ரூ.4,70,062, அதாவது விடலாம். ஒரு பூஜ்யத்தை எழுதாததற்கு முடிவே தலைகீழாகிறது. விடையில் சந்தேகம் வந்தால் கடைசி வருஷத் தொகையை மட்டும் கையால் ஐந்து தடவை வகுத்துச் சரிபார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

பேரத்துக்கும் இந்தக் கணக்கு உதவும். 12 சதவீதக்காரர் “இன்னும் கொஞ்சம் ஏத்துங்க” என்கிறார். வியாபாரி யோசித்துவிட்டு, “சரி அக்கா, அஞ்சு லட்சமாவே வெச்சுக்குங்க. இப்ப ரெண்டரை, அடுத்த ஆடியில ரெண்டரை” என்கிறார். காதுக்கு 25,000 ஏறியது போல இருக்கிறது. ஆனால் அடுத்த ஆடியில் வரும் ரெண்டரை லட்சத்தை 1.12-ஆல் வகுத்தால் ரூ.2,23,214. இன்று தருவதோடு சேர்த்தால் ரூ.4,73,214. முதலில் சொன்ன நாலே முக்கால் லட்சத்தைவிட இது ரூ.1,786 குறைவு. போதாததற்கு, இரண்டாவது தவணைக்கு அவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டிய வேலையும் உண்டு.