எதை விற்பது, எதை வாங்குவது? முதலீட்டு விகிதம் மாறிவிட்டதா என்று பத்து நிமிடத்தில் பார்க்கலாம்!

முதலீடு செய்யும்போது எல்லோரும் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். 'பாதியைப் பங்குச்சந்தையில் போடுவோம், மீதியில் கொஞ்சம் வங்கியில், கொஞ்சம் தங்கத்தில்' என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். ஆனால், போட்ட பணம் போட்ட இடத்தில் அப்படியே நிற்பதில்லை. ஒன்று வேகமாக வளரும், இன்னொன்று மெதுவாக நகரும். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால், நாம் பிரித்த விகிதம் ஒன்றாக இருக்கும், கையில் இருக்கும் விகிதம் வேறாக இருக்கும்.

எவ்வளவு மாறியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதும், பழைய விகிதத்துக்குக் கொண்டுவர எதை எவ்வளவு விற்க வேண்டும், எதை எவ்வளவு வாங்க வேண்டும் என்று பார்ப்பதும்தான் 'ரீபேலன்ஸிங்'. இதற்குப் பள்ளிக்கூடத்தில் படித்த சதவிகிதக் கணக்கே போதும்.

ஓர் உதாரணக் குடும்பம்

சேலத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடங்களுக்கு முன்பு அவர்களிடம் 10 லட்சம் ரூபாய் இருந்தது. கணவனும் மனைவியும் பேசி, அதை மூன்றாகப் பிரித்தார்கள். நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் 50% (5 லட்சம்), வங்கி ஃபிக்ஸட் டெபாசிட்டில் 35% (3.5 லட்சம்), கோல்டு இ.டி.எஃப்-பில் 15% (1.5 லட்சம்). டெபாசிட் பணம் மகளின் கல்லூரிச் செலவுக்கு. மகள் இப்போது ப்ளஸ் ஒன் படிக்கிறாள். இன்னும் இரண்டு வருடத்தில் ஃபீஸ் கட்ட வேண்டும்.

இன்றைய நிலவரம் என்ன? ஃபண்டில் 4,860 யூனிட்டுகள் இருக்கின்றன. ஒரு யூனிட்டின் என்.ஏ.வி 200 ரூபாய் என்றால் மதிப்பு 9,72,000 ரூபாய். கோல்டு இ.டி.எஃப் 3,000 யூனிட், சந்தை விலை 120 ரூபாய், ஆக 3,60,000 ரூபாய். டெபாசிட், வட்டியோடு சேர்த்து 4,68,000 ரூபாய். மொத்தம் சரியாக 18 லட்சம்.

இப்போது ஒவ்வொன்றையும் மொத்தத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும்.

- இண்டெக்ஸ் ஃபண்ட்: 54% (இருக்க வேண்டியது 50%)
- டெபாசிட்: 26% (இருக்க வேண்டியது 35%)
- தங்கம்: 20% (இருக்க வேண்டியது 15%)

மூன்றையும் கூட்டினால் 100 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு தொகை விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. டெபாசிட்டில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, 1,18,000 ரூபாய் கூடித்தான் இருக்கிறது. ஆனாலும் அதன் பங்கு 35-லிருந்து 26-க்கு இறங்கிவிட்டது. மற்ற இரண்டும் அதைவிட வேகமாக வளர்ந்ததுதான் காரணம். பாஸ்புக்கை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

எவ்வளவு விற்க, எவ்வளவு வாங்க?

இன்றைய மொத்தத்தை இலக்கு சதவிகிதத்தால் பெருக்கினால், ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டிய தொகை கிடைக்கும். அதிலிருந்து இருக்கும் தொகையைக் கழித்தால் விடை வந்துவிடும்.

- ஃபண்ட்: இருக்க வேண்டியது 9,00,000. இருப்பது 9,72,000. விற்க வேண்டியது 72,000.
- டெபாசிட்: இருக்க வேண்டியது 6,30,000. இருப்பது 4,68,000. சேர்க்க வேண்டியது 1,62,000.
- தங்கம்: இருக்க வேண்டியது 2,70,000. இருப்பது 3,60,000. விற்க வேண்டியது 90,000.

விற்கும் தொகை இரண்டையும் கூட்டினால் 1,62,000. வாங்கும் தொகையும் அதுவே. இந்த இரண்டும் ஒன்றாக வந்தால்தான் கணக்கு சரி.

இங்கே பலர் தடுமாறுவார்கள். ஃபண்ட் 4% கூடியிருக்கிறது என்றதும், ஃபண்டில் இருக்கும் பணத்தில் 4% விற்றால் போதும் என்று நினைத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் 38,880 ரூபாய்தான் வெளியே வரும். அந்த 4% என்பது மொத்தச் சொத்தான 18 லட்சத்தில் 4%, அதாவது 72,000 ரூபாய். சதவிகிதத்தை எதன் மேல் போடுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

செல்போனில் கூகுள் ஷீட்ஸ் வைத்திருப்பவர்கள் ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், அடுத்த முறை மதிப்பை மட்டும் மாற்றினால் போதும். முதல் வரிசை தலைப்புக்கு. A-யில் பெயர், B-யில் இன்றைய மதிப்பு, C-யில் இலக்கு (50% என்பது போல) எழுதிக்கொண்டு, இந்த இரண்டையும் D2, E2 கட்டங்களில் போட்டு, கீழே உள்ள இரண்டு வரிசைகளுக்கும் இழுத்துவிட வேண்டும்.

```
D2:  =B2/SUM($B$2:$B$4)
E2:  =C2*SUM($B$2:$B$4)-B2
```

D-யில் வருவது இன்றைய பங்கு. E-யில் மைனஸ் வந்தால் விற்க வேண்டும், ப்ளஸ் வந்தால் வாங்க வேண்டும்.

எல்லா மாற்றத்துக்கும் ஓட வேண்டுமா?

வேண்டாம். சந்தை தினமும் ஏறி இறங்கும், ஒரு சதவிகிதம் மாறியதற்கெல்லாம் விற்று வாங்கினால் செலவுதான் மிஞ்சும். இதற்கு அமெரிக்க நிதி எழுத்தாளர் லாரி ஸ்வெட்ரோ பிரபலப்படுத்திய '5/25' என்ற விதி உதவும். இலக்கிலிருந்து 5 சதவிகிதப் புள்ளிகள், அல்லது அந்த இலக்கிலேயே கால் பங்கு, இந்த இரண்டில் எது சிறியதோ அதுதான் எல்லை. அதைத் தாண்டினால் மட்டும் கை வைக்கலாம்.

நம் குடும்பத்துக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். ஃபண்டின் எல்லை 45 முதல் 55 வரை. 54% என்பது உள்ளேதான் இருக்கிறது. டெபாசிட்டின் எல்லை 30 முதல் 40 வரை. 26% வெளியே போய்விட்டது. தங்கத்தின் இலக்கு 15%, அதில் கால் பங்கு 3.75. எனவே, அதன் எல்லை 11.25 முதல் 18.75 வரைதான். 20% என்பது வெளியே.

ஆக, ரூபாய்க் கணக்கில் அதிகம் வளர்ந்தது ஃபண்ட் என்றாலும், எல்லையைத் தாண்டியது தங்கமும் டெபாசிட்டும்தான்.

அப்படியே விட்டால் என்ன ஆகும்?

2020 ஜனவரியில் 12,362 புள்ளிகளில் முடிந்த நிஃப்டி, அதே வருடம் மார்ச் 23-ம் தேதி 7,610-ல் முடிந்தது. இரண்டே மாதத்தில் சுமார் 38% சரிவு. தங்கமும் எப்போதும் ஏறிக்கொண்டே இருந்ததில்லை. 2011-ல் சர்வதேசச் சந்தையில் ஓர் அவுன்ஸ் 1,900 டாலர் வரை போன தங்கம், 2015 டிசம்பரில் 1,050 டாலர் அருகே வந்து நின்றது.

கல்லூரி ஃபீஸுக்கு 6 லட்சம் தேவை என்று வைத்துக்கொண்டால், டெபாசிட்டில் இருப்பது 4,68,000. மீதி 1,32,000 ரூபாயை ஃபண்டிலிருந்தோ தங்கத்திலிருந்தோதான் எடுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து சந்தை 2020 மார்ச் போல இருந்தால், 200 ரூபாய் யூனிட்டை 124 ரூபாய்க்கு விற்க வேண்டிவரும். இன்று 660 யூனிட் விற்றால் கிடைக்கும் பணத்துக்கு அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூனிட்டுகளைக் கொடுக்க வேண்டும். டெபாசிட்டின் பங்கு குறைவதில் இருக்கும் ஆபத்து இதுதான்.

விற்றால் வரி எவ்வளவு?

தங்கத்தில் 1.5 லட்சம் போட்டு 3.6 லட்சம் ஆகியிருக்கிறது. எனவே, 90,000 ரூபாய்க்கு விற்றால் அதில் 52,500 ரூபாய் லாபம். நீண்டகால லாபத்துக்கு 12.5% வரி, அதன்மேல் 4% செஸ். மொத்தம் 6,825 ரூபாய். இண்டெக்ஸ் ஃபண்டில் 72,000-க்கு விற்றால் லாபம் ஏறக்குறைய 35,000 ரூபாய். ஈக்விட்டி ஃபண்டில் ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரையிலான நீண்டகால லாபத்துக்கு வரி கிடையாது. வேறு பங்கு, ஃபண்ட் எதையும் அந்த வருடம் விற்கவில்லை என்றால் இதற்கு வரி வராது. வாங்கி ஒரு வருடம் ஆகாத ஈக்விட்டி யூனிட் என்றால் லாபத்தில் 20% வரி. சில ஃபண்டுகளில் வெளியேறும் கட்டணமும் உண்டு. அதனால் விற்பதற்கு முன் வாங்கிய தேதியைப் பார்ப்பது அவசியம்.

விற்காமலே சரிசெய்ய வழி

இந்தக் குடும்பம் மாதம் 20,000 ரூபாய் புதிதாகச் சேமிக்கிறது என்றால், விற்கவே தேவையில்லை. சில மாதங்களுக்கு அந்தப் பணம் முழுவதையும் வங்கி ஆர்.டி-யில் போட்டு, டெபாசிட் பக்கம் சேர்த்தால் போதும். விலைகள் அப்படியே இருப்பதாக வைத்துக்கொண்டால், ஏழு மாதத்தில் 1,40,000 ரூபாய் சேரும். மொத்தம் 19,40,000 ஆகும். அப்போது ஃபண்ட் 50.1%, டெபாசிட் 31.3%, தங்கம் 18.6%. மூன்றும் எல்லைக்குள் வந்துவிடும். தங்கத்தில் ஒரு யூனிட்கூட விற்கவில்லை, வரியும் இல்லை. டெபாசிட் கணக்கிலும் 6,08,000 ரூபாய் இருக்கும், கல்லூரி ஃபீஸுக்கு அது போதும்.

ஆனால், இந்த வழிக்கும் ஓர் அளவு உண்டு. எல்லைக்குள் வருவதோடு நிற்காமல், சரியாக 50-35-15-க்கே வர வேண்டும் என்றால் 6 லட்சம் ரூபாய் புதுப்பணம் தேவை. மாதம் 20,000 என்றால் இரண்டரை வருடம் ஆகிவிடும். சொத்து பெரிதாகி, மாதச் சேமிப்பு அதன்முன் சிறிதாகிவிட்டவர்களுக்கும் புதுப்பணம் மட்டும் போதாது, கொஞ்சம் விற்கத்தான் வேண்டும்.

கணக்கு எங்கே தப்பும்?

வாங்கிய விலையைப் போட்டால் விகிதம் மாறியதே தெரியாது. எப்போதும் இன்றைய மதிப்பைத்தான் போட வேண்டும். எல்லா மதிப்பும் ஒரே தேதியுடையதாக இருப்பது முக்கியம். மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்டுகளை கேம்ஸ், கேஃபின்டெக் அனுப்பும் ஒருங்கிணைந்த அறிக்கையில் பார்க்கலாம். என்.ஏ.வி, ஆம்ஃபி இணையதளத்தில் கிடைக்கும்.

பங்கும் கடன் பத்திரமும் கலந்த ஹைப்ரிட் ஃபண்டை ஒரே பெட்டியில் போடக் கூடாது. ஃபண்ட் நிறுவனம் மாதாமாதம் வெளியிடும் விவரத்தைப் பார்த்து, எந்தப் பகுதி எவ்வளவு என்று பிரித்து எழுத வேண்டும். பி.பி.எஃப், பி.எஃப் பணத்தைப் பாதுகாப்பான பக்கத்தில் சேர்க்கலாம். ஆனால், நினைத்தபோது எடுக்க முடியாத பணம் அது. விகிதம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவசரத்துக்கு எடுக்கப் போனால் கைக்கு வராது. அதேபோல, கழுத்தில் போட்டிருக்கும் சங்கிலியை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். விற்க மனமில்லாத தங்கத்தை முதலீடாக எண்ணினால், 'விற்க வேண்டியது' என்று வரும் தொகைக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்தக் கணக்கைப் போட்டால் போதும். எல்லாம் எல்லைக்குள் இருந்தால், அன்றைக்குச் செய்ய வேண்டியது எதுவும் இல்லை, ஷீட்டை மூடிவிடலாம்.