கொடியும் சுவரும்: படமாகச் சேமிக்கப்படும் அசைவு

விளையாட்டு எஞ்சினில் துணியின் அசைவையோ சுவரின் சிதறலையோ காட்ட இரண்டு வழிகள் உண்டு. ஆட்டம் ஓடும்போதே இயற்பியல் கணக்கைப் போட்டு, எது எங்கே நகரும் என்று கண்டுபிடிப்பது ஒரு வழி. ஹூடினி போன்ற மென்பொருளில் அந்தக் கணக்கை முன்கூட்டியே முடித்துவிட்டு, விடையை மட்டும் எஞ்சினிடம் கொடுப்பது மற்றொரு வழி. இரண்டாவதை இத்துறையில் ‘பேக் செய்வது’ என்பார்கள். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் ஆட்டத்தில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 16.7 மில்லிநொடிதான். எதிரிகளின் நடமாட்டம், ஒலி, ஒளி, நிழல் எல்லாமே அதற்குள் முடிந்தாக வேண்டும். ஐந்நூறு துண்டுகளாக உடையும் சுவரை அங்கேயே கணக்கிட நேரம் மிஞ்சாது.

பேக் செய்த விடையை எந்த வடிவில் எஞ்சினுக்குக் கொண்டுபோவது என்பதற்குப் பரவலாக எடுத்தாளப்படும் தீர்வுதான் வெர்டெக்ஸ் அனிமேஷன் டெக்ஸ்சர். சுருக்கமாக வி.ஏ.டி. முப்பரிமாணப் பொருள் எதுவும் சிறு முக்கோணங்களால் ஆனது. அந்த முக்கோணங்களின் முனைகளைத்தான் வெர்டெக்ஸ் என்கிறார்கள். ஒவ்வொரு முனையும் ஒவ்வொரு ஃபிரேமிலும் எங்கே இருக்கிறது என்பதை ஒரு படக்கோப்பில் எழுதி வைப்பதே இந்த முறையின் சாரம். படத்தின் ஒரு பிக்சலில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் இருக்கும். இடத்தைக் குறிக்கவும் மூன்று அச்சுகளில் மூன்று எண்கள் போதும். ஆகவே ஒரு பிக்சலில் ஒரு முனையின் இடம் கச்சிதமாக அடங்கிவிடுகிறது. படத்தைப் பள்ளி வருகைப் பதிவேடு போல எண்ணிக்கொள்ளலாம்: நெடுக்கில் ஒவ்வொரு பத்தியும் ஒரு முனைக்கு, குறுக்கில் ஒவ்வொரு வரிசையும் ஒரு ஃபிரேமுக்கு.

இதைப் படிப்பது கிராபிக்ஸ் சிப்பில் ஓடும் வெர்டெக்ஸ் ஷேடர் என்ற சிறு நிரல். ஒவ்வொரு முனையையும் திரையில் எங்கே வைப்பது என்று தீர்மானிப்பது அதன் வழக்கமான வேலை. அந்தக் கட்டத்திலேயே டெக்ஸ்சரைப் படிக்கும் வசதி 2004-இல் ஷேடர் மாடல் 3.0 தரத்தோடு சாதாரணக் கணினிகளுக்கு வந்தது. அன்ரியல் எஞ்சினில் இந்த இடமாற்றம் `World Position Offset` என்ற இணைப்பின் வழியாக நடக்கிறது.

கம்பத்தில் பறக்கும் ஒரு கொடியை எடுத்துக்கொள்வோம். அகலத்தில் 40, உயரத்தில் 25 என மொத்தம் 1000 முனைகள். அசைவு மூன்று நொடி. நொடிக்கு 30 ஃபிரேம் வீதம் 90 ஃபிரேம்கள். 1024 பிக்சல் அகலமும் 128 பிக்சல் உயரமும் கொண்ட டெக்ஸ்சரில் இது அடங்கிவிடும். பிக்சலின் நான்கு எண்களும் தலா 16 பிட் தசம எண்ணாக இருந்தால் பிக்சலுக்கு 8 பைட். மொத்தம் சரியாக 1 மெகாபைட். முனையின் முழு இடத்தையும் எழுதுவதில்லை, அசையாத நிலையிலிருந்து அது எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைத்தான் எழுதுகிறார்கள். 16 பிட் எண்ணுக்கு மதிப்பு கூடக்கூட நுணுக்கம் குறையும் என்பதே காரணம். சென்டிமீட்டரில் எழுதினால் 512-க்கும் 1024-க்கும் இடையே அதனால் அரை சென்டிமீட்டர் தாவல்களில்தான் எண்களைக் குறிக்க முடியும். விலகல் சிறிய எண்ணாக இருப்பதால் துணி நடுங்காமல் அசையும்.

எந்தப் பத்தி தன்னுடையது என்பது முனைக்குத் தெரிய வேண்டும். அதற்காக மெஷ்ஷில் கூடுதலாக ஒரு யூ.வி. தொகுதி சேர்க்கப்பட்டு, ஒவ்வொரு முனையிலும் அதன் பத்தி எண் எழுதப்படுகிறது. பிறகு ஷேடர் செய்வது இவ்வளவுதான்:

```
float f  = fmod(time * 30.0, 90.0);
float f0 = floor(f);
float f1 = fmod(f0 + 1.0, 90.0);
float3 a = posTex.SampleLevel(s, float2(u, (f0 + 0.5) / 128.0), 0).xyz;
float3 b = posTex.SampleLevel(s, float2(u, (f1 + 0.5) / 128.0), 0).xyz;
position += lerp(a, b, f - f0);
```

நேரத்தை வைத்து இப்போதைய வரிசையையும் அடுத்த வரிசையையும் கண்டுபிடித்து, இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தில் முனையை வைக்கிறது. அதனால் 30 ஃபிரேமில் பேக் செய்த கொடி 60 ஃபிரேம் ஆட்டத்திலும் தடங்கலின்றி ஓடும். கூட்டப்படும் 0.5 பிக்சலின் நடுவைத் தொடுவதற்காக. கடைசி வரிசை முடிந்ததும் முதல் வரிசைக்குத் திரும்புவதால், சிமுலேஷனின் இறுதியும் தொடக்கமும் பொருந்த வேண்டும். அதற்காக 90 ஃபிரேமுக்குப் பிறகும் சிமுலேஷனைச் சில ஃபிரேம்கள் ஓடவிட்டு, அந்தக் கூடுதல் பகுதியை முதல் ஃபிரேம்களோடு படிப்படியாகக் கலப்பது வழக்கம். அதைச் செய்யாவிட்டால் மூன்று நொடிக்கு ஒருமுறை கொடி வெட்டி இழுக்கும்.

இடம் மட்டும் போதாது. துணி மடியும்போது அதன் பரப்பு பார்க்கும் திசையும் மாறுகிறது. ஒளி விழும் விதத்தைத் தீர்மானிப்பது அந்தத் திசைதான். எனவே திசைகளுக்கு இரண்டாவது டெக்ஸ்சர் ஒன்று வேண்டும். அது இல்லாத கொடி அசையும்; மடிப்புகளில் மட்டும் நிழல் விழாமல், தகடு நெளிவதைப் போலத் தெரியும்.

உடையும் சுவருக்கு இதே முறையை அப்படியே பயன்படுத்தினால் கட்டுப்படியாகாது. 500 துண்டுகள், துண்டுக்கு 120 முனைகள் என்றால் மொத்தம் 60,000 முனைகள். நான்கு நொடிக்கு 120 ஃபிரேம்கள். இடத்துக்கு மட்டுமே 72 லட்சம் பிக்சல்கள், அதாவது 57.6 மெகாபைட் தேவைப்படும். போதாக்குறைக்கு, ஒரு டெக்ஸ்சரின் அகலம் பெரும்பாலான கணினிகளில் 16,384 பிக்சலைத் தாண்ட முடியாது. 60,000 பத்திகளைப் பல அடுக்குகளாக மடித்து எழுத நேரும்.

ஆனால் செங்கல் துண்டு துணியைப் போல நெளிவதில்லை. அதன் 120 முனைகளும் ஒன்றாகவே நகர்கின்றன, ஒன்றாகவே சுழல்கின்றன. ஆகவே முனைக்கு ஒரு பத்தி என்பதற்குப் பதில் துண்டுக்கு ஒரு பத்தி போதும். அந்தப் பத்தியில் துண்டின் மையம் எங்கே என்பது ஒரு டெக்ஸ்சரிலும், அது எவ்வளவு சுழன்றிருக்கிறது என்பது இன்னொரு டெக்ஸ்சரிலும் இருக்கும். சுழற்சி குவாட்டர்னியன் எனப்படும் நான்கு எண்களாக எழுதப்படுவதால் பிக்சலின் நான்கு இடங்களும் நிரம்பிவிடுகின்றன. இப்போது 500 பத்திகள், 120 வரிசைகள், இரண்டு டெக்ஸ்சர்கள்: 0.96 மெகாபைட். முந்தைய அளவில் அறுபதில் ஒரு பங்கு. திசைக்குத் தனி டெக்ஸ்சரும் தேவையில்லை. அதே சுழற்சியைக் கொண்டு ஷேடரே திசையையும் திருப்பிக்கொள்ளும். ஹூடினியின் தயாரிப்பாளரான சைட்எஃப்எக்ஸ் வழங்கும் லேப்ஸ் கருவியிலும் துணி போன்றவற்றுக்கு ஒரு முறை, கடினத் துண்டுகளுக்கு வேறொரு முறை என்று இந்தப் பிரிவு உண்டு.

சுழற்சியில் ஒரு பொறி இருக்கிறது. ஒரே சுழற்சியை ஒரு குவாட்டர்னியனாலும், நான்கு எண்களின் குறியையும் மாற்றிய அதன் எதிர்மறையாலும் எழுதலாம். சிமுலேஷன் ஒரு ஃபிரேமில் ஒன்றையும் அடுத்த ஃபிரேமில் மற்றொன்றையும் எழுதிவிட்டால், ஷேடர் இரண்டுக்கும் இடைப்பட்டதைக் கணக்கிடும்போது துண்டு திடீரென ஒரு சுற்று சுற்றி நிற்கும். சீராக விழுந்துகொண்டிருக்கும் செங்கல்களில் ஏதோ ஒன்று மட்டும் ஒரு கணம் சுழன்று துடித்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். அடுத்தடுத்த இரண்டு குவாட்டர்னியன்களின் புள்ளிப்பெருக்கம் எதிர்மறையாக வந்தால் இரண்டாவதன் குறியை மாற்றிவிட வேண்டும்.

மற்ற பழுதுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து வருகின்றன. எஞ்சினுக்கு அது அட்டவணை என்று தெரியாது. படம் என்று நினைத்து, படத்துக்குச் செய்யும் உபசாரங்களை எல்லாம் செய்கிறது. கண்ணுக்கு நன்றாகத் தெரிய நிறத்தைத் திருத்துகிறது. `sRGB` என்ற தேர்வு இயங்கினால் 8 பிட் டெக்ஸ்சரில் 0.5 என்று எழுதியது சுமார் 0.21 ஆகப் படிக்கப்படும். திசை டெக்ஸ்சரில் 0.5 என்பது பூஜ்ஜியச் சாய்வைக் குறிப்பதால், கொடி முழுவதும் தவறான பக்கத்திலிருந்து ஒளி பெற்றதுபோல் ஆகும். நினைவகத்தை மிச்சப்படுத்த எஞ்சின் படத்தைச் சுருக்குகிறது. வழக்கமான சுருக்கம் 4×4 பிக்சல்களை ஒரு கட்டமாக்கித் தோராயப்படுத்துவதால் பக்கத்துப் பத்திகளின் எண்கள் ஒன்றோடொன்று கலந்து, துணியின் விளிம்பு ரம்பப் பல்லாகும். தொலைவில் இருக்கும் பொருளுக்குச் சிறிய பிரதியைக் கொண்டுவருகிறது; அதில் பல பத்திகள் சராசரியாகிவிடுவதால் தூரத்துக் கொடி கசங்கிப்போய், கிட்டே போனால் சரியாகும். ஆகவே `sRGB` அணைக்கப்பட வேண்டும். சுருக்கமும் மிப்மேப்பும் கூடாது. வடிகட்டல் `Nearest` ஆக இருக்க வேண்டும்.

யூ.வி. எண்களையும் எஞ்சின் இயல்பாக 16 பிட்டில் சேமிக்கலாம். 0.5-க்கும் 1-க்கும் இடையே அதன் நுணுக்கம் 2048-இல் ஒரு பங்கு. 1024 பிக்சல் அகலமான கொடிக்கு அது போதும். 2048 அகலமான டெக்ஸ்சரிலோ பிக்சலின் நடுவைக் குறிக்க அதில் பாதி அளவு நுணுக்கம் வேண்டும். அது கிடைக்காததால் வலது பாதியில் உள்ள முனைகள் பக்கத்துப் பத்தியைப் படித்து, முட்களாக நீண்டு தெரியும். மெஷ்ஷின் ஒரு பாதி ஒழுங்காகவும் மறுபாதி கிழிந்தும் இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அன்ரியலில் `Use Full Precision UVs` என்ற தேர்வு இதைத் தீர்க்கும்.

எஞ்சின் அறியாத இன்னொன்று, பொருள் உண்மையில் எங்கே இருக்கிறது என்பது. இடமாற்றம் கிராபிக்ஸ் சிப்பில் மட்டுமே நடப்பதால், எஞ்சினைப் பொறுத்தவரை சுவர் உடையாமல் அதே இடத்தில் நிற்கிறது. கேமரா திரும்பி, சுவர் முதலில் நின்ற இடம் திரையை விட்டு விலகியதும், தரையில் கிடக்கும் துண்டுகளும் சட்டென மறைந்துவிடும். சிதறல் பரவும் தூரத்துக்கு மெஷ்ஷின் எல்லைப் பெட்டியைப் பெரிதாக்கினால் இது சரியாகும். மோதலுக்கோ அப்படி ஒரு திருத்தம் இல்லை. விழுந்த செங்கல்மேல் ஆட்டக்காரர் கால் வைத்தால் கால் ஊடுருவிப் போகும். உடைந்து திறந்த வழியில் நுழையப் போனால் கண்ணுக்குத் தெரியாத பழைய சுவர் தடுக்கும். மறைவான சில எளிய பெட்டிகளை வைத்து, உடையும் கணத்தில் சிலவற்றை நீக்கி, வேறு சிலவற்றைச் சேர்த்துச் சமாளிக்கிறார்கள்.

இந்த முறையின் எல்லையும் அதுவே. பதிவானது மட்டுமே நடக்கும். ஆட்டக்காரர் தொட்டால் கொடி விலகாது, வேறு பக்கத்திலிருந்து சுட்டாலும் சுவர் அதே விதமாகவே உடையும். ஆட்டக்காரரின் கைக்கு எட்டாத கொடிகள், தூரத்தில் இடியும் கட்டடங்கள், ஒரே ஒருமுறை நடக்கும் கதைக் காட்சிகள் ஆகியவற்றுக்கு வி.ஏ.டி. பொருந்தும். நாயகனின் மேலங்கிக்கும், எங்கு அடித்தாலும் அங்கே உடைய வேண்டிய சுவருக்கும் ஆட்டம் ஓடும்போதே கணக்குப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.