முடிந்தது என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள்

ஏழு வருடக் காதல். கல்லூரியில் தொடங்கி, வேலை, ஊர் மாற்றம் எல்லாம் தாண்டி வந்தது. அந்தப் பெண்ணுக்கு இனி இதில் மனம் இல்லை. ஒரு ராத்திரி இப்படி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்:

“நமக்குள்ள சரியா போகலைன்னு தோணுது. இப்போதைக்குக் கொஞ்சம் பிரிஞ்சு இருக்கலாமா? உன்னைவிட நல்லவன் எனக்குக் கிடைக்கமாட்டான். எப்பவும் நல்ல ஃப்ரெண்ட்ஸா இருப்போம்.”

அவனை நோகடிக்கக் கூடாது என்றுதான் இப்படி எழுதியிருக்கிறாள். ஆனால் அவன் இதை எப்படிப் படிப்பான்? ‘தோணுது’ என்றால் நாளைக்கு வேறு மாதிரித் தோன்றலாம். ‘இப்போதைக்கு’ என்றால் பிறகு சேரலாம். ‘இருக்கலாமா’ என்று கேட்டிருக்கிறாள், வேண்டாம் என்று பதில் சொல்ல இடமிருக்கிறது. என்னைவிட நல்லவன் கிடைக்கமாட்டான் என்றால் பின்னே ஏன் போகிறாள்? வரிக்கு வரி ஒரு நம்பிக்கை. அவன் மாதக்கணக்கில் காத்திருப்பான்.

ராய் பாமைஸ்டர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1993இல் ஒருதலைக் காதல் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். காதலை மறுத்தவர்களுக்கும் குற்ற உணர்ச்சி இருந்தது, அதனால் நேராக ‘இல்லை’ என்று சொல்லத் தயங்கினார்கள். கேட்டவர்களோ அந்தத் தயக்கத்தை நம்பிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். மேலே உள்ள மெசேஜிலும் அதே குற்ற உணர்ச்சிதான் பேசுகிறது. அது எழுதுபவரின் மனச்சுமையைக் குறைக்கும், படிப்பவரின் வலியை நீட்டிவிடும்.

இத்தனை வருட உறவை மெசேஜில் மட்டும் முடிப்பது சரியில்லை என்பது என் கருத்து. முதலில் நேரிலோ போனிலோ சொல்ல வேண்டும். அழுகைக்கு நடுவே கேட்டது மனதில் நிற்காது என்பதால், அதையே பிறகு எழுத்தில் அனுப்ப வேண்டும். அதே பெண் இப்படி எழுதலாம்:

“நேத்து போன்ல சொன்னதை எழுத்துலயும் சொல்லிடறேன். நம்ம உறவை நான் முடிச்சுக்கறேன். ரொம்ப நாள் யோசிச்சு எடுத்த முடிவு, இது மாறாது. உன்கூடக் கல்யாணம், குடும்பம்னு வாழற விருப்பம் எனக்கு இப்ப இல்லை. நீ எதையும் மாத்திக்கிட்டா சரியாகிடற விஷயம் இல்லை இது. அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப நீ ராத்திரியெல்லாம் கூட நின்னதை நான் மறக்கமாட்டேன். வண்டிக்கு நீ கட்டின 40,000 ரூபாயை 10ஆம் தேதிக்குள்ள உன் கணக்குல போட்டுடறேன். உன்னோட போட்டோ எதையும் யாருக்கும் அனுப்பமாட்டேன், நீயும் அப்படியே இருக்கணும். ஏதாவது கேக்கணும்னா கேளு, ஒரு தடவை பதில் சொல்றேன். அதுக்கப்புறம் பேசமாட்டேன்.”

‘பிரிஞ்சிடலாம்’ என்று இருவர் பெயரிலும் சொல்லாமல், ‘நான் முடிச்சுக்கறேன்’ என்கிறாள். முடிவு அவளுடையது, பொறுப்பும் அவளுடையது. முடிவை முதலிலேயே சொல்லிவிட்டு, நன்றியைப் பிறகுதான் சொல்கிறாள். வரிசையை மாற்றினால் பாராட்டை நம்பிப் படிப்பவரைப் பாதியில் தள்ளிவிட்டது போலாகும். நன்றிக்குக்கூட அவள் ‘நீ ரொம்ப நல்லவன்’ என்ற வார்த்தையைத் தேடவில்லை. நடந்த ஒன்றைச் சொல்கிறாள். அந்த ஏழு வருடமும் பொய்யில்லை என்று அவனுக்குத் தெரிய அது போதும்.

எல்லோரும் தடுமாறுவது காரணம் சொல்லும் இடத்தில்தான். “வீட்ல ஒத்துக்கல” என்பது நம் ஊரில் கைவசம் உள்ள பதில். அது உண்மையாக இருந்தால் சொல்லலாம். சாக்காக இருந்தால், அவன் நேரே அவள் அப்பாவிடம் பேசப் போய்விடுவான். அங்கே இருவருக்கும் அவமானம். இன்னொரு பக்கம், ஏழு வருடக் குறைகளையெல்லாம் பட்டியல் போட்டால், “அதையெல்லாம் சரிபண்ணிக்கறேன்” என்று பேரம் தொடங்கும். தன் மனநிலையை ஒரே காரணமாகச் சொல்லி நிறுத்துவதே நல்லது. அதோடு வாதம் செய்ய முடியாது.

அனுப்பிய பிறகுதான் கஷ்டமான பகுதி. அவன் அழைப்பான், கெஞ்சுவான், பிறந்தநாளுக்கு வாழ்த்துவான். பத்து மெசேஜுக்குப் பேசாமல் இருந்து பதினோராவதுக்கு இரக்கப்பட்டுப் பதில் போட்டால், பதினொன்று அனுப்பினால் பதில் வரும் என்றுதான் அவன் மனம் கற்றுக்கொள்ளும். எப்போதாவது மட்டும் பலன் கிடைக்கும் பழக்கம் எளிதில் விடாது என்று ஸ்கின்னர் என்ற உளவியலாளர் விலங்குகளை வைத்துச் செய்த சோதனைகளிலேயே காட்டியிருக்கிறார். சொன்னபடி ஒரு தடவை பதில் சொல்லிவிட்டு நிறுத்துவதும் அவனுக்குத் தரும் மரியாதைதான்.

அடிக்கிற, மிரட்டுகிற, பின்தொடர்கிற ஆளிடம் இவை எதுவும் பொருந்தாது. அங்கே நேரில் சந்திக்கவே வேண்டாம், விளக்கமும் வேண்டாம். நம்பகமான ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, இரண்டு வரியில் முடித்து, வருகிற மிரட்டல்களை அழிக்காமல் எடுத்து வைக்க வேண்டும். பெண்கள் 181 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.